ரெண்டு பேட்டரி முட்டிக்கிட்டா என்னாகும்?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்ல மின்னோட்டவியல் பாடம் ஆரம்பிச்சதும் ஒரு கணக்கு வரும். ஒரே ஒரு சுற்று. அதுல ரெண்டு பேட்டரி, ஒண்ணுக்கொண்ணு எதிரா வச்சிருக்கும். கூடவே மூணு மின்தடை. மின்னோட்டம் எவ்வளவுன்னு கண்டுபிடி. அம்புட்டுதான் கேள்வி.

பக்கத்து வீட்டுப் பையன் இதப் பாத்துட்டு கேட்டான்: "ஏன் அங்கிள், எந்த முட்டாளாவது ரெண்டு பேட்டரிய எதிரெதிரா மாட்டுவானா? ஒண்ணு தள்ள, இன்னொண்ணு திருப்பித் தள்ள... இது சும்மா பரீட்சைக்காகக் கட்டின கணக்குதானே?"

நியாயமான கேள்வி. டார்ச் லைட்ல யாரும் அப்படிப் போட மாட்டாங்க. ஆனா அவன் சொல்ற அந்த 'முட்டாள்தனத்த' தாம்பரத்துல மழைக்காலம் வந்தா தினமும் பண்றாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வண்டிகள் நாள்கணக்கா தண்ணில நின்னுச்சே, அதுக்கப்புறம் ஜம்பர் கேபிளும் கையுமா அலைஞ்ச மெக்கானிக்குகள நெனச்சுப் பாருங்க. ஒரு நல்ல பேட்டரி, ஒரு செத்த பேட்டரி, நடுவுல கேபிள். அதுதான் பாடப்புத்தகக் கணக்கு. கோடு மாறாம அதேதான்.

எப்படின்னு சொல்றேன். அதோட, இந்தக் கணக்க நம்ம ஊர்ல சொல்லிக் குடுக்கற விதத்துல எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருக்கு. அதையும் கொட்டிடறேன்.

பெருங்களத்தூர்ல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட 'எப்படி மாட்டணும்'னு கேட்டா ஒரே வரிதான் வரும்: "பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் சார். மாத்தி மட்டும் வச்சுராதீங்க." இப்ப ஒரு பேப்பர எடுத்து இத வரைஞ்சு பாருங்க. நல்ல பேட்டரியோட பிளஸ்ல ஆரம்பிச்சு, கேபிள் வழியா செத்த பேட்டரியோட பிளஸ்ஸுக்குள்ள நுழைஞ்சு, அதோட மைனஸ்ல வெளிய வந்து, இன்னொரு கேபிள்ல திரும்பி வர்றோம். ஒரு பேட்டரில மைனஸ்லேருந்து பிளஸ்ஸுக்கு ஏறுறோம். இன்னொண்ணுல பிளஸ்லேருந்து மைனஸுக்கு இறங்குறோம். ரெண்டும் எதிரெதிர்! 'பக்க இணைப்பு'ன்னு நாம படிக்கிறதும், வெளில வேற எதுவும் இழுக்காதப்போ 'எதிரெதிர் பேட்டரி'ன்னு படிக்கிறதும் ஒரே சுற்றுதான். பையனுக்கு இதச் சொன்னப்போ ரெண்டு நிமிஷம் பேப்பரையே பாத்துட்டு இருந்தான் :-)

சரி, எண்கள வைப்போம். கணக்கு சுலபமா வர்ற மாதிரி எண்ணா எடுத்துக்கறேன், ஆனா நிஜத்துல பாக்கற அளவுகள ஒட்டித்தான். நல்ல பேட்டரி 12.6 வோல்ட், அக மின்தடை 0.01 ஓம். செத்த பேட்டரி 11.4 வோல்ட், அக மின்தடை கொஞ்சம் ஜாஸ்தி, 0.03 ஓம். மூணாவது மின்தடை கேபிள். ஆறு ஸ்கொயர் எம்.எம். செப்புக் கம்பி, மூணு மீட்டர் நீளம், போக ஒண்ணு வர ஒண்ணுன்னு மொத்தம் ஆறு மீட்டர். இதுக்குக் கிட்டத்தட்ட 0.0175 ஓம் வரும். கிளிப்பையும் சேத்து 0.02 ஓம்னு வச்சுக்குவோம்.

இப்ப சமன்பாடு. கிர்க்காஃப் 1845ல, கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்துல மாணவரா இருந்தப்போ எழுதினது. அவருக்கு அப்ப 21 வயசு. விஷயம் எளிமையானது: சுற்றுல எங்க கிளம்பினாலும், ஒரு ரவுண்டு சுத்தி அதே இடத்துக்கு வந்தா மின்னழுத்தமும் பழைய இடத்துக்கே வந்திருக்கணும். திருநீர்மலைல ஏறி, சுத்தி இறங்கி, கிளம்பின படிக்கே வந்தா ஏறின உயரமும் இறங்கின உயரமும் சரியாப் போயிருக்கும்ல, அந்த மாதிரி.

நடக்கறதுக்கு ரெண்டே விதி. பேட்டரிக்குள்ள மைனஸ்லேருந்து பிளஸ்ஸுக்குப் போனா ஏற்றம், பிளஸ் குறி. பிளஸ்லேருந்து மைனஸுக்குப் போனா இறக்கம், மைனஸ் குறி. மின்தடைல மின்னோட்டம் போற திசைலயே நாமளும் நடந்தா இறக்கம், எதிர்த்து நடந்தா ஏற்றம். இதுல கவனிக்க வேண்டியது, பேட்டரியோட குறிக்கும் மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுதுங்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது. பேட்டரி ஒரு படிக்கட்டு. யார் ஏறினாலும் இறங்கினாலும் படியோட உயரம் மாறாது.

நல்ல பேட்டரியோட மைனஸ்ல கிளம்பறேன். மின்னோட்டம் நல்ல பேட்டரியோட பிளஸ்லேருந்து வெளிய வருதுன்னு வச்சுக்கறேன்.

```
+12.6 - 0.01 I - 0.02 I - 11.4 - 0.03 I = 0
1.2 = 0.06 I
I = 20 A
```

20 ஆம்பியர். நல்ல பேட்டரி செத்த பேட்டரிய சார்ஜ் பண்ணுது.

இங்கதான் என் மனக்குறை ஆரம்பிக்குது. நிறைய டியூஷன்ல இந்தக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தர்றாங்க. "எதிரெதிரா இருந்தா பெருசுலேருந்து சிறுச கழி, மொத்த மின்தடையால வகு, மின்னோட்டம் பெரிய பேட்டரி பக்கம்." விடை கரெக்டா வரும், மறுக்கல. ஆனா பையன் சமன்பாடே எழுதல. ஒரு ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணினான். அடுத்த பக்கத்துல ரெண்டு சுற்று உள்ள கணக்கு வந்தா 'பெருசு எது, சிறுசு எது'ன்னு தேடிட்டு நிப்பான். ஒரு சுற்றுக் கணக்கு எதுக்கு இருக்கு? விடைக்காக இல்ல. குறி போட்டு நடக்கப் பழகறதுக்கு. அந்தப் பழக்கத்த தர்ற ஒரே இடத்தையும் குறுக்குவழி தின்னுடுது.

அதுமட்டும் இல்ல. "மொதல்ல மின்னோட்டம் எந்தப் பக்கம்னு சரியா யூகிக்கணும்"னு ஒரு பயத்த வேற கிளப்பி விடறாங்க. யூகிக்கவே வேண்டாம். தப்பான பக்கம்தான் வச்சுக்கங்களேன், என்ன ஆகுதுன்னு பாப்போம். அதே திசைல நடக்கறேன், ஆனா மின்னோட்டம் எதிர்ப்பக்கம் ஓடுதுன்னு வச்சுக்கறேன். மின்தடைக் குறிகள் மட்டும் மாறும். பேட்டரிக் குறிகள் அப்படியே நிக்கும்.

```
+12.6 + 0.01 J + 0.02 J - 11.4 + 0.03 J = 0
0.06 J = -1.2
J = -20 A
```

மைனஸ் 20. அதாவது 'நீ வச்ச பக்கம் இல்ல, அந்தப் பக்கம்'னு சமன்பாடே சொல்லிடுச்சு. அளவு அதே 20தான். மைனஸ் வந்ததும் பதறி, மொத்தத்தையும் அடிச்சிட்டு மறுபடி போடற பிள்ளைகள நான் பாத்திருக்கேன். மைனஸ் ஒரு விடை. அத அடிக்கக் கூடாது, படிக்கணும்.

இன்னொரு குழப்பம் நம்ம ஊருக்கே உரியது. மாநிலப் பாடத்திட்டத்துல, மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கிக் கூட்டினா அது மொத்த மின்னியக்கு விசைக்குச் சமம்னு எழுதுவாங்க. அதுல மின்னோட்டத்தோட சேந்து நடந்தா பெருக்கல் தொகைக்கு பிளஸ் குறி. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்துல, சுற்றுல வர்ற எல்லா மின்னழுத்த மாற்றங்களையும் கூட்டினா பூஜ்யம்னு எழுதுவாங்க. அதுல சேந்து நடந்தா மைனஸ் குறி. ரெண்டும் ஒண்ணேதான், சமக்குறிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறது மட்டும்தான் வித்தியாசம். பள்ளிக்கூடத்துல ஒண்ணு, சாயங்காலம் நீட் கோச்சிங்ல இன்னொண்ணுன்னு படிக்கிற பிள்ளை ரெண்டையும் கலந்தா என்னாகும்?

```
12.6 - 11.4 = -0.06 I
I = -20 A
```

நல்ல பேட்டரியோட பிளஸ்லேருந்து மின்னோட்டம் வருதுன்னு வச்சுட்டு மைனஸ் 20 வந்திருக்கு. அப்ப செத்த பேட்டரி நல்ல பேட்டரிய சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம்! நடக்குமா அது? முடியாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு ரெண்டு சோதனை இருக்கு. இத எந்த டியூஷன்லயும் சொல்லிக் குடுத்து நான் பாத்ததில்ல.

ஒண்ணு, டெர்மினல்ல மீட்டர் வச்சா என்ன காட்டும்னு பாக்கறது. 20 ஆம்பியர் ஓடும்போது நல்ல பேட்டரியோட டெர்மினல்ல 12.6 லேருந்து 0.2 போயி 12.4 வோல்ட். கேபிள்ல 0.4 போச்சு. மிச்சம் 12.0. இப்ப மறுமுனைலேருந்து பாருங்க. செத்த பேட்டரி 11.4, அதோட அக மின்தடைல 0.6. மின்னோட்டம் உள்ள நுழையறதால இது கூடும், 11.4 கூட்டல் 0.6, அதே 12.0. ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒரே எண் வந்தா கணக்கு சரி. கலந்து எழுதின பையனுக்கு இது இடிக்கும். நல்ல பேட்டரிக்குள்ள மின்னோட்டம் நுழையுதுன்னா அதோட டெர்மினல் 12.8. செத்ததுலேருந்து வெளிய வருதுன்னா 11.4ல 0.6 கழிச்சு 10.8. அப்ப மின்னோட்டம் கேபிள்ல 10.8லேருந்து 12.8க்கு மேடேறிப் போகணும். மின்தடைல மின்னோட்டம் மேடேறாது.

ரெண்டு, ஆற்றல் கணக்கு. நல்ல பேட்டரி தர்றது 12.6 பெருக்கல் 20, 252 வாட். செத்த பேட்டரிக்குள்ள சேமிப்பாப் போறது 11.4 பெருக்கல் 20, 228 வாட். மிச்சம் 24 வாட். மூணு மின்தடையிலும் சூடாப் போறது 20 பெருக்கல் 20 பெருக்கல் 0.06, அதே 24 வாட். வரவும் செலவும் டாலி ஆயிடுச்சு.

இந்த டெர்மினல் விஷயத்துல ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. சார்ஜ் ஏறிட்டு இருக்கும்போது செத்த பேட்டரில மல்டிமீட்டர் வச்சா 12.0 காட்டும். 'பரவால்ல, ஏறிடுச்சு'ன்னு நெனச்சு கேபிளக் கழட்டினா உடனே 11.4 பக்கம் விழும். அந்த 0.6 பேட்டரியோடது இல்ல, அக மின்தடையோடது. வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்கும் இதேதான். சார்ஜர நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு அளந்தாதான் உண்மை தெரியும்.

இப்ப மெக்கானிக் அண்ணனோட அந்த 'மாத்தி மட்டும் வச்சுராதீங்க'. சிவப்புக் கிளிப்ப செத்த பேட்டரியோட மைனஸ்லயும் கறுப்ப பிளஸ்லயும் மாட்டிட்டா சமன்பாட்டுல மாறப்போறது ஒரே ஒரு குறிதான்.

```
+12.6 - 0.01 I - 0.02 I + 11.4 - 0.03 I = 0
24 = 0.06 I
I = 400 A
```

20 எங்க, 400 எங்க! 11.4க்கு முன்னாடி இருந்த மைனஸ் பிளஸ் ஆச்சு, மின்னோட்டம் 20 மடங்கு. சூடு மின்னோட்டத்தோட வர்க்கமாச்சே, அது 400 மடங்கு. கேபிள்ல முன்னாடி 8 வாட், இப்ப 3200 வாட். மூணு இஸ்திரிப் பெட்டிய ஒரு கம்பிக்குள்ள போட்ட மாதிரி. செத்த பேட்டரிக்குள்ள மட்டும் 4800 வாட். நிஜத்துல அந்த 400 நிலையா ஓடிட்டு இருக்காது. மாட்டின நொடியிலேயே பொறி பறக்கும், கேபிள் உறை உருகும், வண்டில ஆல்டர்னேட்டர் டயோடு போகும். லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும், பொறி பட்டா வெடிச்சு ஆசிட் மூஞ்சில தெறிக்கும். அதனாலதான் கடைசி கறுப்புக் கிளிப்ப செத்த பேட்டரி மேல மாட்டாம, தள்ளி எஞ்சின் இரும்புல மாட்டச் சொல்றாங்க. கடைசி இணைப்புல வர்ற பொறி பேட்டரிக்குப் பக்கத்துல வரக் கூடாது.

பரீட்சைத் தாள்ல ஒரு குறி மாறினா அரை மார்க் போகும். பானெட்டத் திறந்து வச்சு அதே குறி மாறினா கண்ணு போகும். ரெண்டும் ஒரே குறிதான்னு பிள்ளைங்களுக்கு யாரும் சொல்றதில்லைங்கறதுதான் என் ஆதங்கம்.

இந்தக் கணக்கோட எல்லையையும் சொல்லிடணும். 20 ஆம்பியர்ங்கறது மாட்டின முதல் நேரத்துக்கு. சார்ஜ் ஏற ஏற 11.4 மேல போகும். அது 12.0 ஆனா வித்தியாசம் 0.6தான், மின்னோட்டம் 10 ஆம்பியர். அக மின்தடையும் சூட்டுக்கும் வயசுக்கும் தக்கபடி மாறும். பேட்டரி முனைல வெள்ளைப் பூத்திருந்தா நாலாவதா ஒரு மின்தடை சேந்துக்கும். அது 0.06 ஓம்னு வச்சா மொத்தம் 0.12, மின்னோட்டம் பாதியாயிடும். அத எப்படிக் கண்டுபிடிக்கிறது? மீட்டரோட ஒரு முனைய கிளிப்லயும் இன்னொண்ண பேட்டரி முனைலயும் வைங்க. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, பூஜ்யம் காட்டணும். 0.6 வோல்ட் காட்டினா குத்தவாளி அங்கதான் இருக்கான். சுரண்டித் தேய்ச்சு மாட்டுங்க.

அப்புறம், சாவியத் திருப்பி செல்ஃப் எடுத்த நிமிஷம் இது ஒரு சுற்று இல்ல. செல்ஃப் மோட்டார் மூணாவது கிளையா வந்து நிக்கும். ரெண்டு சமன்பாடும் ஒரு சந்தி விதியும் வேணும். 'பெருசுலேருந்து சிறுச கழி' அங்க உதவாது. குறி போட்டு நடக்கத் தெரிஞ்சவனுக்கு அது இன்னொரு ரவுண்டு நடக்கறது, அவ்வளவுதான்.

எதிர்த்துத் தள்ற மின்னழுத்தம் பேட்டரியோட முடியற கதையும் இல்ல. 1931ல பீச் - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 1500 வோல்ட் டி.சி.ல ஓட ஆரம்பிச்சுது. 1960கள்ல 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாத்தற வரைக்கும் அதான். டி.சி. மோட்டார் சுத்தும்போது தானே ஒரு எதிர் மின்னழுத்தத்த உண்டாக்கும். நிக்கிற மோட்டார்ல அது பூஜ்யம். அப்ப நேரா 1500 வோல்ட்டக் குடுத்தா மின்னோட்டம் எகிறிடும்னு, அந்தக் கால டி.சி. ரயில்கள்ல கிளம்பும்போது தொடர்ல மின்தடைகளப் போட்டு, வேகம் ஏற ஏற ஒவ்வொண்ணா எடுப்பாங்க. ரெண்டாவது பேட்டரிக்கு பதிலா ஒரு மோட்டார் உக்காந்திருக்கு, சமன்பாடு அதேதான்.

வாத்தியாருங்க கோவிச்சுக்காம இருந்தா ஒரு யோசனை. இந்தக் கணக்குக்கு மூணு மார்க்னா விடைக்கு ஒரு மார்க் போதும். குறியோட சமன்பாடு எழுதினதுக்கு ஒண்ணு. ரெண்டு பேட்டரியோட டெர்மினல் மின்னழுத்தத்தையும் போட்டு சரிபாத்ததுக்கு ஒண்ணு. கூடவே 'ரெண்டாவது பேட்டரியத் திருப்பி மாட்டினா என்னாகும்'னு ஒரு வரி கேள்வி கேளுங்க. குறுக்குவழில வந்த பிள்ளை அதுல கண்டிப்பா முழிக்கும். அங்க முழிச்சா நல்லதுதான், வண்டிகிட்ட கேபிளோட நிக்கும்போது முழிக்க வேண்டாம் பாருங்க.